டிரைவர் அண்ணா, நான் தெரியறேனா?

ஜனவரி பிறந்தால் பள்ளிக்கூட பிரேயரில் மைக் கைமாறும். தலைமையாசிரியை ஒதுங்கிக்கொள்ள, வெள்ளைச் சட்டையும் காக்கி பேன்ட்டுமாகப் போக்குவரத்து அதிகாரி ஒருவர் முன்னால் வருவார். சாலைப் பாதுகாப்பு மாதம். “ஹெல்மெட் போடணுமா?” என்று கேட்பார். “போடணும்!” என்று மைதானம் அதிரும். “சிக்னலை மீறலாமா?” “கூடாது!” “வீட்ல போய் அப்பா அம்மாகிட்ட சொல்வீங்களா?” “சொல்வோம்!” பிறகு உறுதிமொழி, கைதட்டல், குரூப் போட்டோ. மாலையில் அதே வாசலில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பும். ஓட்டுவது அம்மா, முன்னால் நிற்பது தம்பி, பின்னால் புத்தகப் பையோடு அக்கா. மூன்று தலைகளுக்கு ஒரு ஹெல்மெட்.

பிள்ளைகள் காலையில் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டது கேள்வியே இல்லை என்பதுதான் சிக்கல். மேடையிலிருந்து ஜெயலலிதா “செய்வீர்களா?” என்று கேட்டால் கூட்டம் “செய்வோம்” என்றுதான் சொல்லும், வேறு பதிலுக்கு அங்கே இடம் கிடையாது. தேர்தல் மேடைக்கு அது போதும். ஏழு வயதுப் பிள்ளை தெருவைக் கடப்பதற்குப் போதாது.

ஆனாலும் கேள்வியும் கோரஸ் பதிலுமாகப் பேசுவதைக் கைவிடத் தேவையில்லை. முந்நூறு பிள்ளைகளை அரை மணி நேரம் விழிப்போடு வைத்திருக்க அதைவிட நல்ல வழி இல்லை. வாய்ப்பாட்டைப் போலக் கூட்டாகக் கத்திச் சொன்னது மனதில் தங்கவும் செய்யும். எதைக் கேட்பது, எந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டுக் கேட்பது, பதிலை வாயால் வாங்குவதா உடம்பால் வாங்குவதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அசோக் நகரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பெயரிலேயே அகலத்தைச் சொல்லும் 100 அடி சாலை. காகிதத்தில் அதற்கு ஜவஹர்லால் நேரு சாலை என்று பெயர். நடுவே மெட்ரோ ரயில் பாலத்தின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அசோகத் தூணில் எல்லாத் திசை வண்டிகளும் வந்து முட்டிக்கொள்ளும். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எண் போட்ட அவென்யூக்கள், மரநிழல், பள்ளிக்கூடங்கள். பெரிய சாலையின் வேகமும் சின்னத் தெருவின் அசட்டையும் ஒரு பிள்ளையின் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும் பகுதி இது. இங்கே ஒரு பள்ளியில், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் ஒரு போக்குவரத்து உதவி ஆய்வாளர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் மூன்று சம்பவங்கள் இருக்கின்றன. மூன்றும் சென்னையிலும் அதன் புறநகரிலும் உண்மையில் நடந்தவை.

முதல் சம்பவம் நடந்த ஆழ்வார்திருநகர், அசோக் நகரிலிருந்து ஆற்காடு சாலை வழியாகப் போனால் கொஞ்ச தூரம்தான். 2022 மார்ச் 28, திங்கட்கிழமை காலை. தனியார் பள்ளி ஒன்றின் வளாகத்துக்குள் வேன் வந்து நின்றது. இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மற்ற பிள்ளைகளோடு இறங்கினான். வேனில் எதையோ விட்டுவிட்டது நினைவுக்கு வர, எடுக்கத் திரும்பி வந்தான். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்த ஓட்டுநர் வேனை நகர்த்தினார்.

சொல்கிறவர் இங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்து என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளிடம் விவரிக்க வேண்டியதில்லை. மைதானத்தின் அமைதியிலேயே அது தெரிந்துவிடும். பையனின் பெயரும் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். கூட்டத்தில் அவனுடைய உறவுக்காரப் பிள்ளையே உட்கார்ந்திருக்கலாம். ரத்தத்தைப் பற்றிப் பேசினால் பிள்ளைகளுக்குப் பயம்தான் மிஞ்சும். செய்வதற்கு எதுவும் கொடுக்காத பயத்தோடு வீட்டுக்குப் போகிற பிள்ளை, அந்தப் பேச்சையே மறக்கத்தான் பார்க்கும். அதனால் தீர்மானமாகும் அந்த நொடியில் கதையை நிறுத்திவிட்டு அவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “வேன்ல பையை விட்டுட்டே. இப்போ என்ன செய்வே?”

இதற்குக் கோரஸாகப் பதில் வராது. ஒருவன் “ஓடிப் போய் எடுப்பேன் சார்” என்பான். ஒருத்தி “மிஸ்கிட்ட சொல்வேன்” என்பாள். “டிரைவரைக் கூப்பிடுவேன்” என்று ஒரு குரல் வரும். இந்தக் கலவைதான் அதிகாரிக்குத் தேவை. எந்தப் பிள்ளை எப்படி நினைக்கிறது என்பது “போடணும்”, “கூடாது” என்ற கோரஸில் ஒருநாளும் வெளியே வராது.

அதன் பிறகு மைக்கை வைத்துவிடலாம். பள்ளி வளாகத்தில் நிற்கும் வேன் ஒன்று போதும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவி அதிகாரியின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பத்துப் பிள்ளைகளை வேனைச் சுற்றி நிறுத்துகிறார்: பின்புறம் ஒட்டி இரண்டு பேர், முன்பக்க பம்பருக்குக் கீழே குந்தியபடி ஒருவன், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி, மற்றவர்கள் ஆங்காங்கே. வகுப்பில் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு பையன் ஓட்டுநர் இருக்கையில் ஏறுகிறான். கண்ணாடிகளைப் பார்த்து, தெரிகிறவர்களின் பெயரை மட்டும் உரக்கச் சொல்வது அவன் வேலை. பெயர் வந்தவர்கள் “உள்ளேன்” என்று சொல்லிவிட்டு விலகி நிற்கிறார்கள். நான்கைந்து பெயர்களுக்குப் பிறகு அவன் குரல் நின்றுவிடும். வேனை ஒட்டி இன்னும் பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள்.

வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அந்தப் பிள்ளை வரவில்லை என்று பொருள். இங்கே பிள்ளை வந்து பக்கத்தில் நிற்கிறது, பெயரைத்தான் யாரும் கூப்பிடவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய நான்கு அடி. வேனின் பின்கண்ணாடி தொடங்குவதே அந்த உயரத்தில்தான். பக்கக் கண்ணாடிகள் வண்டியின் இரு பக்கமும் போகும் பட்டையைக் காட்டுமே தவிர, வாலுக்கு நேர்பின்னால் நிற்பதைக் காட்டாது. “டிரைவர் பார்த்துக்குவார்” என்ற நம்பிக்கை அந்த ஓரிரு நிமிடத்தில் உடைகிறது. அதுவும் அதிகாரி சொல்லி உடையவில்லை, தன் பெயரே வராமல் நின்ற பிள்ளைக்குத் தானாக உடைகிறது. அதற்குப் பிறகு கோரஸை ஆரம்பிக்கலாம். இந்த முறை கேட்பது பிள்ளைகள், பதில் சொல்ல வேண்டியவர் பெரியவர்: “டிரைவர் அண்ணா, நான் தெரியறேனா?” ஓட்டுநர் பெயர் சொல்லி “தெரியறே” என்றால்தான் அடுத்த அடி. பதில் வரவில்லையா, இருக்கிற இடத்திலேயே நில்.

கண்ணாடியின் குறையை இயந்திரமும் கொஞ்சம் ஈடுகட்டலாம். ஆழ்வார்திருநகர் மரணத்துக்குப் பிறகு தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகளைத் திருத்தி, கேமராக்களையும் பின்பக்கம் எச்சரிக்கை தரும் சென்சாரையும் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த வேனில் உதவியாளர் ஒருவர் வேலைக்கு இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. பிள்ளைகள் அனைவரும் விலகிவிட்டார்களா என்று இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டியது அந்த வேலை. கேமராவுக்கும் யாராவது திரையைப் பார்த்தால்தான் பயன்.

இரண்டாவது சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2012 ஜூலை 25, தாம்பரம் பக்கம். பள்ளிப் பேருந்தின் தரையில் ஓட்டை இருந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி அதன் வழியே சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் இறந்துபோனாள். வண்டிக்குத் தகுதிச் சான்று கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மேலே சொன்ன சிறப்பு விதிகளே அந்த ஆண்டில்தான் பிறந்தன.

இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு அதிகாரி என்ன கேட்பார்? “பார்த்து உட்காரணுமா?” என்று கேட்டால் அது அநியாயம். அந்தக் குழந்தை எந்தத் தவறும் செய்யவில்லை. ஆழ்வார்திருநகர்ப் பையன் செய்ததும் தவறில்லை. விட்டுப்போன பொருளை எடுக்க வருவது பிள்ளைகள் தினமும் செய்கிற காரியம். பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு பேசுகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. ஒவ்வொரு மரணத்தின் கீழும் ‘குழந்தை கவனமாக இருந்திருக்கலாம்’ என்று ஒரு நீதியை ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, “பஸ்ல ஏதாவது உடைஞ்சிருந்தா யார்கிட்ட சொல்வே?” என்று கேட்கலாம். மூன்று விரல் காட்டி மூன்று பேரைச் சொல்லச் சொல்லலாம்: வண்டியில் வரும் ஆயா, வகுப்பு மிஸ், வீட்டில் அம்மா. ஒருவர் கேட்காவிட்டால் அடுத்தவர். ஒரு பிள்ளையால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பெரியவர்கள் கணக்கு. அதை அதே மைதானத்தில், ஆசிரியர்களும் ஓட்டுநர்களும் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது சம்பவம் 2025 ஜூன் மாதம் பெரம்பூரில் நடந்தது. பள்ளிக்குப் போகும் நேரத்தில் அம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த 10 வயதுச் சிறுமி கீழே விழுந்தாள். பக்கத்தில் வந்த தண்ணீர் லாரியின் சக்கரம் ஏறிவிட்டது. பள்ளி நேரத்தில் கனரக வாகனங்கள் அந்தச் சாலையில் வந்திருக்கவே கூடாது என்ற கேள்வி எழுந்து, காவல் துறை தன் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவரையே பணியிடை நீக்கம் செய்தது. இதைச் சொல்கிறவர் அதே துறையின் சட்டையைப் போட்டிருக்கிறார் என்பதால், அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாமல் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லி “அதனாலதான் ஹெல்மெட் போடணும்” என்று முடிக்கத் தோன்றும். கூடாது. நிறைந்த தண்ணீர் லாரியின் பாரத்தை எந்த ஹெல்மெட்டும் தாங்காது. புத்திசாலிப் பிள்ளை ஒன்று அதைக் கேட்டும் விடும். ஹெல்மெட்டுக்கு வேறு காரணம் இருக்கிறது: ஸ்கூட்டர் சறுக்கி, தலை தரையிலோ தடுப்புக் கல்லிலோ மோதுவது. அதற்கு அது உண்மையாகவே உதவும். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவு. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரியிலிருந்து தனி விதி உண்டு: குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, அதன் தலைக்கேற்ற ஹெல்மெட், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். அந்த அளவு ஹெல்மெட் கடையில் கிடைக்கிறதா என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பெரம்பூர்ச் சம்பவத்திலிருந்து பிள்ளைகள் எடுத்துப் போக வேண்டியது கனரக வண்டியின் பக்கவாட்டைப் பற்றி. அதற்கு ஒரு நீளமான மூங்கில் கம்பும் ஒரு தண்ணீர் பாட்டிலும் போதும். கம்பின் முன்முனையை ஒருத்தி பிடிக்கிறாள், பின்முனையை ஒருவன். அவள் முன்சக்கரம், அவன் பின்சக்கரம். இடது பக்கம் திரும்பும் மூலையில் பாட்டில் நிற்கிறது. முன்னால் போகிறவள் பாட்டிலைச் சுற்றி அழகாகத் திரும்பிவிடுவாள். கம்பு இழுத்த இழுப்புக்கு நடக்கும் பின்னவனோ மூலையை வெட்டிக்கொண்டு போய்ப் பாட்டிலைத் தட்டிவிடுவான். எத்தனை முறை செய்தாலும் அப்படித்தான். பேருந்தும் லாரியும் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே ஒடுங்கி வரும். 100 அடி சாலையிலிருந்து ஏதோ ஓர் அவென்யூவுக்குள் இடது பக்கம் திரும்பும் பஸ்ஸின் பக்கத்தில் சைக்கிளோடு நிற்கிற பிள்ளை, முன்சக்கரம் தாண்டிப் போய்விட்டது என்று நிம்மதியாக நிற்கும். அந்தப் பிள்ளைதான் பாட்டில். “பஸ் திரும்பினா?” என்று அதிகாரி கேட்கிறார். “பின்னாடி நில்லு!” என்று பதில் வருகிறது. இந்தக் கோரஸுக்கு இப்போது ஓர் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் பாட்டில் விழுந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

இனி சாலையைக் கடப்பது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தரும் பாடம்: வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மறுபடி வலது பக்கம் பார். பிரிட்டனில் பிள்ளைகளுக்கு ராணுவ அணிவகுப்புத் தோரணையில் சொல்லிக்கொடுத்த பழைய பாடம் அது. அவர்களைப் போல நாமும் இடப்பக்கமாக வண்டி ஓட்டுவதால் இங்கேயும் பொருந்திவிட்டது. முதலில் நம்மை நெருங்கும் வண்டி வலப்பக்கமிருந்து வருகிறது என்பதுதான் அதன் காரணம். வலது எது, இடது எது என்று தடுமாறும் சின்னப் பிள்ளைகளுக்கு “சாப்பிடுற கைப் பக்கம்” என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் உண்டு. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை அப்போதே கைதூக்கும்.

ஆனால் 100 அடி சாலையில் இந்தப் பாடம் பாதி தூரம்தான் செல்லும். நடுத்தடுப்பைத் தொட்டதும் கணக்கு மாறிவிடுகிறது: அடுத்த பாதியில் வண்டிகள் இடது பக்கமிருந்து வருகின்றன. பழைய பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துக்கொண்டே இறங்கும் பிள்ளை, வரும் வண்டிக்கு முதுகைக் காட்டுகிறது. போதாதற்கு மெட்ரோ தூண் அந்தப் பிள்ளையை ஓட்டுநரிடமிருந்தும், ஓட்டுநரைப் பிள்ளையிடமிருந்தும் மறைக்கிறது. யூ டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் வரும் பைக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் எந்தப் பாதியிலும் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும். அதிகாரி இதைத் தரையில் சுண்ணாம்பால் வரைகிறார்: இந்தக் கோடு ஓரம், அந்தக் கோடு நடுத்தடுப்பு, அதைத் தாண்டி இன்னொரு சாலை. “இது ஒரு ரோடா, ரெண்டு ரோடா?” “ரெண்டு ரோடு சார்!”

அடுத்தது இந்தப் பேச்சின் மிக நல்ல பகுதி. ஒரு பக்கத்தில் மூன்று தடம் இருந்தால் அகலம் ஏறக்குறைய 10 மீட்டர். அந்த நீளத்துக்குக் கோடு போட்டு ஒரு பிள்ளையைத் தன் இயல்பான நடையில் நடக்கச் சொல்கிறார். மைதானம் முழுவதும் நொடிக்கு ஒன்றாக உரக்க எண்ணுகிறது. பத்தை ஒட்டி நடை முடியும். மாநகரப் பேருந்து ஒன்றின் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்குச் சரியாக அவ்வளவு தூரம் நகரும். ஆக, நீங்கள் எண்ணிய ஒவ்வொரு எண்ணுக்கும் வண்டி ஒரு பஸ் நீளம் நெருங்கிவிட்டது. நீ இறங்கும்போது அது பத்து பஸ்ஸுக்கு அப்பால் இருந்திருக்க வேண்டும். “ஒன்னு!” என்று கத்தும்போது ஒரு பஸ், “ரெண்டு!” என்றால் இரண்டாவது பஸ். வண்டிக்காரர் உன்னைப் பார்த்ததும் பிரேக் போட்டுவிடுவார் என்று யாராவது சொன்னால், பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்பதற்குள் காய்ந்த சாலையிலேயே ஏறக்குறைய இரண்டு பஸ் நீளம் ஓடிவிடும் என்பதையும் எண்ணிக் காட்டலாம்.

பத்து பஸ் தூரத்தில் வரும் வண்டியின் வேகம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. இது அக்கறையின்மை சம்பந்தப்பட்ட விஷயமல்ல. லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பார்வை, மணிக்கு 20 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டி நெருங்குவதை நம்பத்தக்க விதத்தில் உணர்வதில்லை என்று காட்டியது. தூரத்தில் வரும் வண்டி கண்ணில் பெரிதாகிக்கொண்டே வரும் மாற்றம் மிக நுண்ணியது. அதைப் பிடிக்கும் திறன் அந்த வயதில் இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது. சென்னையில் 2023 நவம்பரில் கொண்டுவந்த வேக வரம்பின்படி, குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர், மற்ற சாலைகளில் இரு சக்கர வாகனங்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, கார்களுக்கு 60. அவென்யூக்களுக்குள் 30 என்ற வரம்பை வண்டிகள் மதித்தால் பிள்ளையின் கண் சமாளிக்கும். 100 அடி சாலையில், விதியை மீறாத வண்டியின் வேகமே அந்தக் கண்ணுக்கு எட்டாது. எனவே “நல்லா பார்த்துட்டுக் கிராஸ் பண்ணு” என்று பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் சொல்வது, அதனால் முடியாததைச் செய்யச் சொல்வது. சொல்ல வேண்டியது வேறு: “நீ கணிக்காதே. சிக்னல் இருக்கிற இடத்துக்குப் போ, பெரியவங்க கையைப் பிடி.”

ஸ்டினா சாண்டல்ஸ் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் 1960களிலேயே இதைச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் போக்குவரத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, சிறுவர்களைப் போக்குவரத்துக்கு ஏற்பப் பழக்கிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் அவர்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அதற்காகப் பயிற்சியே வீண் என்று ஆகிவிடாது. கிளாஸ்கோ நகரின் டிரம்சாப்பல் பகுதியில் 1990களில் நடந்த கெர்ப்கிராஃப்ட் என்ற திட்டத்தில், பெற்றோர்களே தன்னார்வலர்களாகி, ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராகத் தெருவோரத்துக்கே கூட்டிப்போனார்கள். எங்கே கடப்பது, நின்றிருக்கும் வண்டிகளுக்கு நடுவே எப்படிக் கடப்பது, சந்திப்பில் என்ன செய்வது என்ற மூன்றை மட்டும் சொல்லித் தந்தார்கள். பயிற்சி இல்லாத பிள்ளைகள் வண்டி கண்ணில் படாத இடமே பத்திரம் என்று நினைத்து, வளைவிலும் நின்ற கார்களின் இடுக்கிலும் கடக்கத் துணிவார்கள். மறைவிலிருந்து வண்டி வரலாம் என்ற நினைப்பே வருவதில்லை. பயிற்சிக்குப் பின் அது தேறியது. மைதானத்தில் மைக் வைத்துச் சொல்லியிருந்தால் தேறியிருக்காது என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இப்படிப்பட்ட பாடங்கள் விபத்தைக் குறைக்கின்றனவா? 2002இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பாதசாரிகளுக்கான பாதுகாப்புக் கல்வி பற்றிய 15 சோதனைகளை அலசியது. பிள்ளைகள் சாலையைக் கடக்கும் விதம் மாறுகிறது என்று கண்டது. காயமும் சாவும் குறைந்தனவா என்று அந்தச் சோதனைகள் எதுவும் அளந்திருக்கவில்லை. கற்றது நாளாக ஆக மங்கிவிடுகிறது, திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பதும் அதில் தெரிந்தது. ஜனவரியில் ஒரு முறை வந்துவிட்டு அடுத்த ஜனவரிக்கு வருகிற ஏற்பாட்டின் குறை இங்கே இருக்கிறது.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வந்தால் பேச்சே வேறு. அந்த வயதில் கண் வளர்ந்துவிட்டது, கையில் அப்பாவின் ஸ்கூட்டர் சாவியும் இருக்கிறது. கியர் இல்லாத வண்டியை 16 வயதில் ஓட்டலாம் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். சட்டம் அனுமதிப்பது 50 சிசி வரை. இன்று தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அநேகமாக அதன் இரு மடங்குக்கு மேல். “உன் வீட்டு வண்டி எத்தனை சிசி?” என்று கேட்டாலே போதும், முகங்கள் மாறும். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. இந்தத் தொகைகளைக் கேட்டுப் பையன்கள் கலங்குவதில்லை, அது அப்பாவின் கவலை. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடைக்காது என்பதுதான் அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். கல்லூரி முழுக்க, வேலைக்குச் சேர்ந்த பிறகும், பின்சீட்டில்தான். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இருவர் இறந்தபோது, முதலில் விதித்த ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதுவது. நாடே கொதித்தது. அந்தக் கட்டுரையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம். சிலர் நன்றாகவே எழுதுவார்கள்.

எல்லாம் முடிந்து உறுதிமொழிக்குப் பதிலாக அதிகாரி தன் நோட்டைத் திறந்து ஒரு கேள்வி கேட்கலாம்: “ஸ்கூலுக்கு வர்ற வழியில உனக்கு எந்த இடத்துல பயமா இருக்கு?” கைகள் வரிசையாக எழும். பெட்டிக்கடைக்கு முன்னால் பிளாட்பாரத்தில் பைக் நிற்கிறது, அதனால் ரோட்டில் இறங்கி நடக்கிறோம். பாதிக் கிராஸ் பண்ணும்போதே பச்சை விளக்கு போய்விடுகிறது. ஜீப்ரா கோடு அழிந்துவிட்டது. வேன் எங்களை ஸ்கூல் பக்கம் இறக்காமல் எதிர்ப்பக்கம் இறக்குகிறது.

நோட்டில் ஏறும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. சிக்னல் நேரத்தையும் வாசலில் வண்டி நிறுத்துவதையும் போக்குவரத்துக் காவலே மாற்றிவிடலாம்; பிளாட்பாரத்துக்கு மாநகராட்சி, பெரிய சாலையின் கோட்டுக்கு நெடுஞ்சாலைத் துறை, வேன் இறக்கும் பக்கத்துக்குப் பள்ளி நிர்வாகம். பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கும்போது அதிகாரி தன் கைக்குள் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்பதை அன்று மாலையே அவர் நின்று எண்ணிவிடலாம். பிள்ளைகளின் நடைக்கு ஒரு பக்கத்துக்குப் பத்து நொடி ஆகும் என்பது அவருக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டதே.